நியூயார்க் கடிகாரமும் பெங்களூரு இரவும்

(பெங்களூருவில் தமிழ் பேசும் கிளைத் தோழர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சில மாதங்களாக நம் கிளைகளில் ஒரே கேள்வி வெவ்வேறு தோழர்களிடமிருந்து வந்துகொண்டிருக்கிறது. "பெண்ணுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அமெரிக்க நேரமாம், சேரச் சொல்லலாமா?" என்பதே அக்கேள்வி. அவரவர் வீட்டு விவகாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அயல்நாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் நடத்தும் திறன் மையங்கள் மட்டும் 2024 கணக்கின்படி 1,700க்கும் மேல். அவற்றில் 19 லட்சம் பேர் வேலை செய்கின்றனர். அவற்றில் மிகப் பெரிய பங்கு இந்த நகரத்தில் இருக்கிறது. அழைப்பு மையங்களும் மென்பொருள் ஒப்பந்த நிறுவனங்களும் இக்கணக்கில் சேரா. ஆகவே, இத்தகைய வேலையை எப்படி அளந்து பார்ப்பது என்பதை இயக்கம் அறிந்திருக்க வேண்டும். பொதுவாகப் பேசுவதை விட, நம் தோழர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்த பணி நியமனக் கடிதத்தை முன்வைத்துப் பேசுவது பயன்படும் என்று நினைக்கிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன்.

பெண்ணுக்கு 24 வயது. வீடு கே.ஆர்.புரத்தில், அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில். நியூயார்க்கில் உள்ள வாடிக்கையாளர் நிறுவனத்திற்குத் தொலைபேசியிலும் கணினியிலும் சேவை வழங்கும் வேலை. மாதச் சம்பளம் 32,000 ரூபாய். இரவுப் படி, வேலைக்கு வந்த ஒவ்வோர் இரவுக்கும் 100 ரூபாய். வாகன வசதி உண்டு. அதற்காக மாதம் 1,800 ரூபாய் பிடித்தம். வேலை நேரம் மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை, "தொழில் தேவைக்கேற்ப மாற்றத்திற்கு உட்பட்டது" என்று அடியில் ஒரு வரி. அதே வாரத்தில் மகாதேவபுராவில் ஒரு பகல் வேலையும் அவருக்குக் கிடைத்தது. அதில் சம்பளம் 27,000. ஐயாயிரம் ரூபாய் வேறுபாடு. இரவுப் படி வேறு. வீட்டில் எல்லோரும் முதல் வேலையின் பக்கம் சாய்ந்தார்கள்.

முதலில் அந்த அடி வரியைப் பார்ப்போம். நம் கடிகாரம் ஆண்டு முழுவதும் ஒன்றே. நியூயார்க்கில் அப்படி இல்லை. மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறார்கள்; நவம்பர் முதல் ஞாயிறு அன்று பின்னே நகர்த்துகிறார்கள். கோடையில் அங்கு காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. எனவே கடிதத்தில் எழுதியிருக்கும் நேரம் எட்டு மாதங்களுக்கே உண்மை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வேலை 7.30க்குத் தொடங்கி விடியற்காலை 4.30க்கு முடியும். வாடிக்கையாளர் கலிபோர்னியாவில் இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. அங்குக் காலை 9 மணி நமக்குக் கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. அதாவது முழு இரவும் போய்விடும். லண்டன் நேரமோ வேறு வகை. அங்கு 9 மணி என்பது நமக்குக் கோடையில் பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. ஒன்பது மணி நேர ஷிப்ட் என்றால் இரவு 10.30க்கோ 11.30க்கோ முடிந்துவிடும். "வெளிநாட்டு நேரம்" என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறிப்பது தவறு. எந்த நகரத்தின் நேரம், எத்தனை மணிக்கு முடிகிறது, குளிர்காலத்தில் எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். நள்ளிரவுக்கும் காலை 5 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் எவ்வளவு பகுதியை வேலை எடுத்துக்கொள்கிறது என்பதே முதல் அளவுகோல். லண்டன் நேரத்தில் பணிபுரிபவர் நள்ளிரவுக்குப் பின் வீட்டுக்கு வந்தாலும் காலை எட்டு மணி வரை இருட்டின் துணையோடு பெரும்பகுதி தூங்கிவிடலாம். நியூயார்க் நேரத்தில் அது முடியாது.

ஏன் முடியாது? பகலில் தூங்கிக்கொள்ளலாமே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் தந்தையும் அதையே சொன்னார். அவர் ஒரு பொதுத்துறை ஆலையில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். "நாங்களும் இரவு வேலை செய்தவர்கள்தானே?" என்றார். அவர் செய்தது மூன்று வாரத்தில் ஒரு வாரம். ஆலை வாசலிலிருந்து பத்து நிமிட தூரத்தில் குடியிருப்பு. ஊதியமும் ஷிப்ட் முறையும் சங்கம் பேசி முடிவு செய்தவை. மகளுக்கு இரவு என்பது நிரந்தரம். அருகில் வீடும் இல்லை, சங்கமும் இல்லை.

உடலுக்கு ஓர் உள்கடிகாரம் உண்டு. அதைத் திருப்பி வைப்பது முதன்மையாக வெளிச்சம். இருட்டியதும் தூக்கத்திற்கான சுரப்பு கூடுகிறது. உடலின் வெப்பம் மெல்லக் குறைந்து விடியலுக்குச் சற்று முன் மிகத் தாழ்ந்த நிலைக்கு வருகிறது. பிறகு ஏறத் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இரவில் மட்டும் வேலை செய்கிறவர்களிடமும் இந்தக் கடிகாரம் முழுமையாகத் தலைகீழாக மாறுவது மிக அரிது. காரணம் எளிது. வீடு திரும்பும் வழியில் சூரியன் கண்ணில் படுகிறது. விடுமுறை நாளில் குடும்பத்தோடு பகலில் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே காலை ஆறு மணிக்குப் படுப்பவர், உடல் விழித்தெழ ஆயத்தமாகும் நேரத்தில் தூங்க முயல்கிறார். அத்தூக்கம் இரவுத் தூக்கத்தை விடச் சில மணி நேரம் குறைந்ததாகவும் ஆழமற்றதாகவும் இருக்கிறது. தண்ணீர் லாரி, அழைப்பு மணி, சமையலறைச் சத்தம் ஆகியவை அதன்பின் வருபவை. பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. பகலில் வீட்டில் இருக்கும் பெண் ஓய்வில் இருப்பதாக நம் குடும்பங்கள் கருதுவதில்லை.

இந்தக் கடிதத்தின்படி ஒரு நாளை எழுதிப் பார்த்தோம். மாலைப் போக்குவரத்தில் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு எலக்ட்ரானிக் சிட்டி சேர வேண்டுமென்றால் வண்டி 4.45க்கு வீட்டு வாசலுக்கு வரும். அதிகாலை 3.30க்கு வேலை முடியும். வண்டி நிரம்பிப் புறப்பட 4 மணி ஆகும். நான்கு பேரை இறக்கிவிட்டு வீடு சேர 5.15. கதவு முதல் கதவு வரை பன்னிரண்டரை மணி நேரம். ஆறு மணிக்குப் படுத்து 11 மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். அடுத்த அதிகாலை 4 மணிக்கு, அதாவது வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில், அவர் விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். இந்த 17 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1997இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை-கண் ஒத்திசைவு, இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்குத் தாழ்வதாகக் காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.03 சதவீதம். ஒரு சொட்டு மது அருந்தாத இளைஞர், ஷிப்ட் முடிந்து இரு சக்கர வாகனத்தில் ஓசூர் சாலையில் போகும்போது எந்த நிலையில் போகிறார் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். மூச்சைப் பரிசோதிக்கும் காவலரின் கருவியில் இது தெரியாது.

நெடுங்கால விளைவைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இலும், மீண்டும் 2019இலும், இரவு ஷிப்ட் வேலையைப் "புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்பதற்கு வலுவான வாய்ப்புள்ளது" என்ற பிரிவில் வைத்தது. இரவு வேலை செய்யும் எல்லோருக்கும் நோய் வரும் என்பது இதன் பொருளன்று. ஒரு தனிமனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்று இந்த வகைப்பாடு அளப்பதில்லை. ஆனால் இதைத் தொழிலாளியின் சொந்தப் பலவீனம் என்று நிர்வாகம் தள்ளிவிட முடியாது என்பதற்கு இது போதும். அன்றாடத்தில் நாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சாதாரணமானவை. இரண்டு வாரம் ஒரு தாளில் தூங்கிய நேரத்தைக் குறித்து வாருங்கள். 24 மணி நேரத்திற்குச் சராசரி ஆறு மணிக்குக் கீழே இருந்தால், வண்டியில் ஏறிய ஐந்து நிமிடத்தில் தலை சாய்ந்தால், விடுமுறை நாளில் பன்னிரண்டு மணி நேரம் தூங்கினால்தான் தெளிவு வருகிறது என்றால், உடல் கடனில் ஓடுகிறது என்று பொருள். வலிப்பு நோய் உள்ளவர்களும், சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும் இத்தகைய வேலையில் சேரும் முன் மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

"சனி, ஞாயிறு விடுமுறை" என்று கடிதத்தில் இருந்தது. அமெரிக்காவின் வெள்ளிக்கிழமை நமக்குச் சனிக்கிழமை அதிகாலையில்தான் முடிகிறது. 5.15க்கு வீடு வந்து தூங்கி எழும்போது சனிக்கிழமையின் பாதி போய்விடும். இரண்டு நாள் என்பது உண்மையில் ஒன்றரை நாள். பண்டிகைகளும் அவ்வாறே, வாடிக்கையாளரின் நாட்காட்டிதான் ஓடும். மே தினத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. எட்டு மணி நேர வேலைநாள் கேட்டு 1886இல் சிகாகோ தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்திலிருந்து பிறந்தது மே தினம். அமெரிக்காவில் இன்று தொழிலாளர் தினம் செப்டம்பர் முதல் திங்களில் வருகிறது. எனவே சிகாகோ நிறுவனத்திற்கு வேலை செய்யும் பெங்களூரு ஊழியரை மே முதல் நாள் இரவு வேலைக்கு அழைக்கிறார்கள்! கர்நாடகத்தில் மே முதல் நாள் சட்டப்படியான விடுமுறை என்பதை நம் இளைஞர்களிடம் முதலில் சொல்ல வேண்டும்.

இனி படிக்கு வருவோம். தனியார் அலுவலகத்தில் இரவுப் படி கொடுத்தே ஆக வேண்டும் என்று பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. நிர்வாகம் எதைக் கொடுக்கிறதோ அதுவே படி. அப்படியானால் எதை வைத்து அளப்பது? ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு உள்ள முறை ஓர் அளவுகோலாக உதவும். இரவு 10 முதல் காலை 6 வரையான நேரத்தில் செய்யும் ஒவ்வொரு மணி நேர வேலைக்கும் 10 நிமிடம் கூடுதலாகக் கணக்கிடுகிறார்கள். அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 200ஆல் வகுத்தால் ஒரு மணி நேர விகிதம் கிடைக்கும். இந்த முறை தாராளமானது என்று நான் சொல்லவில்லை. அடிப்படைச் சம்பளம் 43,600க்கு மேல் இருந்தால் படி கிடையாது என்று 2020இல் உச்சவரம்பு வைத்தபோது ரயில்வே தொழிலாளர்கள் போராட நேர்ந்தது. ஆனாலும் இதில் ஒரு கொள்கை இருக்கிறது. இரவின் ஒரு மணி நேரம் பகலின் ஒரு மணி நேரத்திற்குச் சமமன்று என்று அது ஒப்புக்கொள்கிறது. படி மணிக்கணக்கோடும் சம்பளத்தோடும் சேர்ந்து ஏறுகிறது.

இந்த முறையை நம் கடிதத்திற்குப் பொருத்துவோம். தனியார் நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்தை வேண்டுமென்றே சிறிதாக்கி மற்றவற்றைப் பல பெயர்களில் பிரித்து வைப்பதால், மொத்தச் சம்பளமான 32,000ஐயே எடுத்துக்கொள்கிறேன். 200ஆல் வகுத்தால் மணிக்கு 160 ரூபாய். கோடையில் 10 மணி முதல் 3.30 வரை ஐந்தரை மணி நேரம். 55 நிமிடக் கூடுதல். ஓர் இரவுக்கு ஏறத்தாழ 147 ரூபாய். குளிர்காலத்தில் ஆறரை மணி நேரம், 65 நிமிடம், ஏறத்தாழ 173 ரூபாய். நிறுவனம் தருவதோ இரு பருவத்திலும் 100. குளிர்காலத்தில் இரவு ஒரு மணி நேரம் நீள்வதற்கு ஒரு பைசாவும் இல்லை.

மாதத்தில் 22 இரவுகள் என்றால் படி 2,200 ரூபாய். அதிலிருந்து வாகனப் பிடித்தம் 1,800 போனால் மிஞ்சுவது 400. இடக்கையால் கொடுத்து வலக்கையால் வாங்கிக்கொள்கிறார்கள். இப்போது இரண்டு வேலைகளையும் கதவு முதல் கதவு வரை கணக்கிட்டோம். இரவு வேலையில் கையில் வருவது 32,400. செலவாகும் நேரம் பன்னிரண்டரை மணி வீதம் 22 நாளுக்கு 275 மணி. மணிக்கு ஏறத்தாழ 118 ரூபாய். பகல் வேலையில் அலுவலகத்தில் ஒன்பது மணி நேரம், போக வர ஒன்றரை மணி நேரம். மாதம் 231 மணி. 27,000 ரூபாயை வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 117. தோழர்களே, வேறுபாடு ஒரே ஒரு ரூபாய். தன் இரவையெல்லாம் கொடுத்துவிட்டு அந்தப் பெண் கூடுதலாகப் பெறுவது இவ்வளவே. மாதக் கணக்கில் தெரிந்த ஐயாயிரம் ரூபாய், கூடுதலாகக் கொடுத்த 44 மணி நேரத்தின் விலையேயன்றி இரவின் விலையன்று. தந்தை அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூலதனம்" முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், பகல் வேலையும் இரவு வேலையும் என்று மார்க்ஸ் ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். உலையும் எந்திரமும் இரவில் சும்மா கிடப்பது முதலாளிக்கு இழப்பு என்பதால் இரவு வேலை பிறக்கிறது என்று அங்கே விளக்குகிறார். இன்று எலக்ட்ரானிக் சிட்டியில் அணையக்கூடாத உலை ஏதும் இல்லை. கணினியை அணைத்து வைக்கலாம். நியூயார்க்கிலேயே பகலில் ஒருவரை நியமித்தால் அந்த வேலை நடந்துவிடும். அங்குள்ள பகல் கூலியை விட இங்குள்ள இரவுக் கூலி பன்மடங்கு மலிவு என்பது ஒன்றே காரணம். ஆகவே "இந்த வேலையின் இயல்பே அப்படி" என்று மேலாளர் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு வகையையும் சொல்லிவிட வேண்டும். மென்பொருள் துறையில் பலருக்கு இரவு ஷிப்ட் என்ற பெயரே இல்லை. காலை 10 மணிக்கு அலுவலகம், மாலை வீடு, பிறகு இரவு 8 முதல் 11 வரை அமெரிக்கக் குழுவுடன் கலந்தாய்வு. "மூன்று மணி நேரம் சேர்ந்திருந்தால் போதும்" என்கிறார்கள். ஷிப்ட் என்று பதிவாகாததால் படி இல்லை. வீட்டிலிருந்து பேசுவதால் மிகுதி நேரம் என்ற கணக்கும் இல்லை. நாள் முழுவதும் வேலையில் கட்டுண்டு கிடப்பது பதின்மூன்று மணி நேரம். என் பார்வையில் இதுவே மிகவும் மறைவான சுரண்டல். 2024 ஜூலையில் வேலைநாளை 14 மணி நேரம் வரை நீட்டும் திருத்தம் கர்நாடகத்தில் முன்மொழியப்பட்டபோது மாநில ஐ.டி. ஊழியர் சங்கம் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியதை நீங்கள் அறிவீர்கள். நடைமுறையில் ஏற்கெனவே இருப்பதைச் சட்டமாக்கவே அன்று முயன்றார்கள். இத்தகைய வேலைக்குப் போகிறவர், மாலைக் கலந்தாய்வு உள்ள நாளில் காலையில் எத்தனை மணிக்கு வரலாம் என்பதைச் சேரும் முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, இரவில் வீடு திரும்புவது. 2005 டிசம்பரில் இந்த நகரத்தில் ஓர் அழைப்பு மையப் பெண் ஊழியர், வேலைக்கு அழைத்துப் போக வந்ததாகச் சொன்ன கேப் ஓட்டுநரால் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். 2007இல் புனேயில் அதே போன்ற கொடுமை. பெங்களூரு வழக்கில், பாதுகாப்பு ஏற்பாட்டிற்கான பொறுப்பு குறித்துத் தொடரப்பட்ட குற்ற நடவடிக்கையை ரத்து செய்யக் கோரி நிறுவனத் தலைவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2008இல் நீதிமன்றம் மறுத்தது. "வாகனம் ஒப்பந்தக்காரருடையது" என்று சொல்லித் தப்பிக்க முயலும் நிர்வாகங்களுக்கு இது இன்றும் பதில்.

அந்தத் துயரத்திற்குப் பின் கர்நாடகத்தில் வந்த நிபந்தனைகள் வெறும் தாளல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு காரணம் இருக்கிறது. பெண் ஊழியரை முதலில் ஏற்றுவதையும் கடைசியில் இறக்குவதையும் தவிர்க்கும் வகையில் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவிர்க்க முடியாதபோது காவலர் உடன் வர வேண்டும். ஏனெனில் வண்டியில் ஓட்டுநருடன் அவர் தனித்திருக்கும் நேரமே ஆபத்தான நேரம். ஓட்டுநரின் முன்விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். ஓட்டுநரை அடிக்கடி மாற்றக்கூடாது. தெரியாத முகம் "இன்று அவருக்குப் பதில் நான்" என்று சொல்லும்போது அதை நம்புவதா என்ற முடிவைப் பெண்ணின் தலையில் சுமத்தக்கூடாது என்பதே இதன் பொருள். பெண்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் தேவையற்றவர்கள் கையில் போகக்கூடாது. 2025 நவம்பர் 21 அன்று நம் எதிர்ப்பை மீறி நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும், மாலை 7க்குப் பின்னும் காலை 6க்கு முன்னும் பெண்களை வேலை வாங்க அவர்களின் ஒப்புதல் வேண்டும், பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் ஒப்புதல் எப்படிப் பெறப்படுகிறது? சேரும் நாளில் கையெழுத்திடும் இருபது தாள்களுக்கு நடுவே அதுவும் ஒரு தாள். அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

"வாகன வசதி உண்டு" என்ற மூன்று சொல்லை நம்பிவிடக் கூடாது. வீட்டு வாசலிலா, அல்லது முதன்மைச் சாலையின் சந்திப்பிலா இறக்குவார்கள்? பல நிறுவனங்கள் குறிப்பிட்ட தூரத்திற்கு அப்பால் வருவதில்லை. கோலார் தங்கவயல் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதனால் நகரத்தில் வாடகை அறை எடுக்க நேர்கிறது. ஓர் அழைப்பு நீண்டு 3.30க்குப் பதில் 4.10 ஆகிவிட்டால் வண்டி காத்திருக்குமா, அடுத்த வண்டி எப்போது? பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. வழக்கமான நேரத்திற்கு ஏற்பாடு சரியாக இருக்கும். தாமதமான நாளில் சிதறிவிடும். அந்நேரத்தில் மெட்ரோவும் ஓடாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தோழர் இருவர் ஒரு நாள் அதிகாலை அந்த அலுவலக வாயிலில் நின்று பாருங்கள். வண்டிகளில் காவலர் ஏறுகிறாரா, எத்தனை பெண்கள் கைபேசியில் வாடகை வண்டி தேடிக்கொண்டு நிற்கிறார்கள் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆண் ஊழியர்களையும் மறக்க வேண்டாம். நிபந்தனைகள் பெண்களைக் குறிப்பதால் ஆண்களுக்கு வண்டியை நிறுத்திவிடும் இடங்கள் உண்டு. 17 மணி நேரம் என்ற கணக்கு ஆணுக்கும் பொருந்தும்.

வண்டி ஓட்டுகிறவரும் தொழிலாளிதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாதுகாப்பு பற்றிப் பேசும்போது ஓட்டுநரைச் சந்தேகத்திற்குரியவராக மட்டுமே பார்க்கும் பழக்கம் நடுத்தர வர்க்கத்திடம் இருக்கிறது. அவர் ஒப்பந்தக்காரரிடம் நடைக்கணக்கில் கூலி பெறுகிறவர். அதிகாலையில் இவர்களை இறக்கிவிட்டு, ஆறு மணிக்குக் காலை ஷிப்டை ஏற்றப் போய், நடுவில் விமான நிலையத்திற்கு ஒரு நடை ஓட்டினால்தான் வண்டித் தவணை கட்ட முடியும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று எல்லை வகுத்தது. அச்சட்டத்தையும் புதிய தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள். அலுவலக வளாகத்தில் அவருக்குப் படுக்க இடமில்லை. பல இடங்களில் கழிவறைக்கும் உள்ளே விடுவதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு, வாயில் பாக்கை அடக்கிக்கொண்டு அவர் ஓட்டுவதைப் பார்த்தால், தூக்கத்தோடு போராடுகிறார் என்று அறியுங்கள். "எப்போது கடைசியாகத் தூங்கினீர்கள், அண்ணா?" என்று கேட்பது பாதுகாப்பு நடவடிக்கை, அதுவே தொழிற்சங்கப் பேச்சின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

வழியில் விபத்து நேர்ந்தால்? மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, அதிகாலை 3 மணி வேலைக்கு வரும் வழியில் 2003இல் விபத்தில் இறந்தார். வேலையிடத்திற்கு வெளியே நடந்தது என்று சொல்லி இழப்பீட்டை மறுத்தார்கள். 2025 ஜூலையில்தான், வேலைக்கும் பயணத்திற்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டால் வழி விபத்தும் வேலை விபத்தே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்! நேரம், வழி, ஷிப்ட் பட்டியல் ஆகியவற்றின் பதிவுகள் கையில் இருந்தால்தான் இந்தத் தொடர்பை நிறுவ முடியும். அதனால்தான் வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும் வரும் குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள் என்கிறோம்.

இரவு வேலை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 171ஆம் உடன்படிக்கை 1990இல் வந்தது. கட்டணமில்லா மருத்துவப் பரிசோதனை, உடல்நிலை காரணமாக இரவு வேலைக்குத் தகுதியற்றவருக்கு மாற்று வேலை, பேறுகாலத்தை ஒட்டிக் குறைந்தது 16 வாரங்களுக்கு இரவு வேலைக்கு மாற்று என்று அதில் இருக்கிறது. இந்தியா அதை இதுவரை ஏற்கவில்லை. நம் கோரிக்கைப் பட்டியலில் இது இடம்பெற வேண்டும்.

அந்தப் பெண் என்ன முடிவெடுத்தார் என்று கேட்பீர்கள். இரவு வேலையை எல்லோரும் மறுக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடன்று. வேறு வேலை இல்லாதவரிடம் அப்படிச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. அவர் நிறுவனத்திற்கு மூன்று கேள்விகள் எழுதினார். குளிர்காலத்தில் ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும், அந்தக் கூடுதல் இரவு நேரத்திற்குப் படி உண்டா, நிறுவனமே செய்ய வேண்டிய வாகன ஏற்பாட்டிற்கு ஏன் பிடித்தம் என்பவை அவை. தொலைபேசியில் இனிமையாகப் பேசினார்கள். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. அவர் மகாதேவபுராவின் பகல் வேலையில் சேர்ந்தார். அவருடன் தேர்வான இரு தோழிகளுக்கு வேறு வழியில்லாததால் அங்கேயே சேர்ந்தார்கள். நவம்பரில் கடிகாரம் மாறியது, 4.30க்கு வேலை முடிந்து வெயிலில் வீடு சேர்ந்தார்கள். இப்போது அந்த ஷிப்டில் 31 பேர், இரவுப் படியை மணிக்கணக்கில் தர வேண்டும், வாகனப் பிடித்தத்தை நிறுத்த வேண்டும் என்று கையெழுத்திட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். கணக்கு எழுதிய தாளையும் மனுவோடு இணைத்திருக்கிறார்கள். நிர்வாகம் இன்னும் பதில் தரவில்லை.